சூட்கேஸ் சக்கரம்: ஆட்டம் எங்கே என்று பார்த்த பிறகே அச்சை அறுங்கள்

பெட்டி அக்காவுடையது. 24 அங்குலம், கெட்டி ஓடு, நாலு மூலையிலும் எல்லாப் பக்கமும் சுழலும் ஒற்றைச் சக்கரம். நேராகத் தள்ளினால் இடது பக்கமாகவே ஒதுங்கிப் போகிறது, சாய்த்து இழுத்தால் டக் டக் என்று சத்தம். பை தைக்கும் கடையில் காட்டியபோது கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு வீலையும் ஸ்டாண்டோட மாத்திடலாம் மேடம்" என்றாராம். "அவ்வளவு செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுவேன், நீ ஒரு தடவை பாருடா" என்று அக்கா என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

சக்கரம் சரியில்லை என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, சக்கரம் உருளாமல் சிக்கி நிற்பது. இன்னொன்று, சக்கரம் உருளும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இந்தப் பெட்டியில் இரண்டுமே இருந்தன.

பெட்டியைக் காலி செய்து, பழைய போர்வை மேல் தலைகீழாகப் படுக்கவைத்து ஒவ்வொரு சக்கரமாக விரலால் சுண்டிப் பார்த்தேன். கைப்பிடிப் பக்கம் இரண்டு சக்கரங்கள் இருக்கும் அல்லவா, தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான். நாலு சக்கரப் பெட்டியையும் நாம் படியோரத்திலும் மேடுபள்ளத்திலும் சாய்த்து இரண்டு சக்கரத்தில்தான் இழுக்கிறோம், முழு எடையும் அந்த இரண்டின் மேல் விழுகிறது. அதில் இடது சக்கரம் கால் சுற்று போய் நின்றுவிட்டது. வலது சக்கரம் நன்றாகச் சுற்றியது, ஆனால் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. எதிர்ப்பக்கத்து இரண்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தன, அவ்வளவுதான்.

ஆட்டம் இருக்கும் சக்கரத்தில் எங்கே ஆடுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று இடத்தில் ஆடலாம். சக்கரத்தின் நடு ஓட்டை தேய்ந்து பெரிதாகிச் சக்கரம் அச்சின் மேல் ஆடலாம். சக்கரத்தின் இருபுறமும் கவை மாதிரி இறங்கி அச்சைத் தாங்கும் ஃபோர்க்கின் ஓட்டை தேய்ந்து, அச்சே ஆடலாம். அல்லது, ஃபோர்க் மொத்தமும் மேலே பெட்டியோடு சேரும் சுழல் இணைப்பில் ஆடலாம். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கையால் ஃபோர்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை ஆட்டுங்கள். அச்சின் தலை அசையாமல் சக்கரம் மட்டும் சாய்ந்தால் கோளாறு சக்கரத்தில். அச்சின் தலையும் சேர்ந்து ஓட்டைக்குள் நகர்ந்தால் கோளாறு ஃபோர்க்கில். ஃபோர்க்கைப் பிடித்ததும் ஆட்டமே நின்றுவிட்டால் கோளாறு மேலே, சுழல் இணைப்பில்.

மூன்றாவது வகை என்றால் சக்கரம் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அந்தச் சுழல் இணைப்பு ரிவெட் அடித்து மூடியது, பிரித்துச் சரிசெய்யும் வேலைக்கு ஒத்துவராது. உள்ளே லைனிங் துணியில் ஒரு ஜிப் இருக்கும். அதைத் திறந்தால், சக்கரத்தையும் ஃபோர்க்கையும் தாங்கும் ஸ்டாண்டைப் பெட்டியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தெரியும். ஸ்டாண்டோடு மொத்தமாகக் கழற்றி, ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி அதே அளவில் இருக்கும் வேறு ஸ்டாண்ட் வாங்கிப் போட வேண்டியதுதான். கடைக்காரர் சொன்னது அந்த வேலையைத்தான். அக்கா பெட்டியில் சுழல் இணைப்புகள் நாலும் உறுதியாக இருந்தன. வலது சக்கரத்தில் அச்சு அசையவில்லை, சக்கரம் மட்டும்தான் ஆடியது.

முதலில் சிக்கி நின்ற இடது சக்கரம். சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு சந்து இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தச் சந்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. பார்க்க ரப்பர் வாஷர் மாதிரி. எல்லாம் தலைமுடி. அதோடு புடவை நூல், பூ கட்டிய வாழைநார், அழுக்கு எண்ணெய் எல்லாம் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. சக்கரம் உருள உருள முடி அச்சில் சுற்றிக்கொண்டே போகும். இடம் தீர்ந்ததும் சக்கரத்தைப் பக்கவாட்டில் அழுத்தி, பிரேக் பிடித்த மாதிரி நிறுத்திவிடும்.

இதை இடுக்கியால் பிடித்து இழுத்தால் வராது. சுற்றை முதலில் வெட்ட வேண்டும். தையல் பிரிக்கும் சீம் ரிப்பர்தான் இதற்குச் சரியான கருவி. அதன் வளைந்த முனையைச் சந்துக்குள் விட்டு, அச்சின் குறுக்காக, வெளிப்பக்கமாக இழுத்தால் சுற்றுகள் ஒவ்வொன்றாக அறும். சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி இன்னும் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டால், பிறகு இடுக்கிக்குத் துண்டு துண்டாக வரும். சீம் ரிப்பர் இல்லையென்றால் வளைந்த நகவெட்டும் கத்தரி போதும். லைட்டரால் கொளுத்தினால் முடி எரிந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். நைலான் நூல் உருகி அச்சோடு ஒட்டிக்கொள்ளும், சக்கரத்தின் நடுப்பகுதி பிளாஸ்டிக், அதுவும் இளகும்.

முடி எல்லாம் வந்த பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காயவிட்டேன். மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் போகவேண்டாம். சக்கரத்தின் வெளிப்பட்டை பாலியூரித்தேன், ஓடு பாலிகார்பனேட். தின்னர் பட்டால் ஓட்டில் மெல்லிய வெடிப்பு விழும். காய்ந்த பிறகு அச்சின் இரு பக்கமும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும், சில மாதத்தில் பிசினாகி மறுபடி இறுகும். கிரீஸும் வேண்டாம், தரையோடு உரசும் இடத்தில் அது தூசியைத்தான் சேர்க்கும்.

எதிர்ப்பக்கத்து இரண்டு சக்கரங்களுக்கும் இதே வேலைதான், அதோடு அவை சரியாகிவிட்டன. இடது சக்கரமும் இப்போது தடையில்லாமல் சுற்றியது. ஆனால் மேசை விளிம்பில் வைத்து உருட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். வெளிப்பட்டையில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. முடி இறுகிச் சக்கரம் நின்றபோதும் பெட்டியை இழுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள், தரையில் பட்ட ஓரிடம் மட்டும் தேய்ந்துவிட்டது. தட்டை விழுந்த சக்கரத்தைச் சுத்தம் செய்து பயனில்லை. தட்டையான பக்கம் கீழே வரும்போதெல்லாம் அங்கேயே நிற்கப் பார்க்கும், இன்னும் தேயும். அதே நேரம், முடியை எடுக்காமல் சக்கரத்தை மட்டும் மாற்றியிருந்தாலும் புதுச் சக்கரத்துக்கு இதே கதிதான். சக்கரம் மாற்றும்போது ஃபோர்க்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் முடியையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

ஆக, கைப்பிடிப் பக்கத்து இரண்டையும் மாற்றுவது என்று முடிவானது. ஒன்று தட்டை, இன்னொன்று நடு ஓட்டை தேய்ந்தது. ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் அந்தப் பக்கத்து ஜோடியைச் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. தேய்ந்த சக்கரத்தின் பக்கத்தில் முழு உயரச் சக்கரம் வந்தால் பெட்டி ஒரு பக்கமாகச் சாயும்.

வாங்கப் போகுமுன் அளவெடுக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சின் தடிமன், ஃபோர்க்கின் உள் இடைவெளி, ஃபோர்க்கின் வெளி அகலம். வெர்னியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விட்டத்துக்கு, அதிகம் தேயாத சக்கரத்தைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, நூலின் நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் போதும். எதிர்ப்பக்கத்துச் சக்கரத்துக்கு நூல் 154 மில்லிமீட்டர் வந்தது. அதாவது விட்டம் 49. புதிதாக இருந்தபோது 50 இருந்திருக்கும். சக்கர அகலம் 18. ஃபோர்க்கின் உள் இடைவெளி இருபதரை, வெளி அகலம் 30. அச்சு 6 மில்லிமீட்டர். 50க்கு 18 என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. இரண்டு சக்கரம், அச்சு, வாஷர், ஆலன் கீ எல்லாம் ஒரே பொட்டலமாக விற்கிறார்கள்.

பொட்டலத்தில் சக்கரத்தைவிட அச்சைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். இந்த அச்சு உள்ளே மரை போட்ட குழாய், முனையில் ஆலன் போல்ட் வந்து இறுகும். இரண்டு தலைகளுக்கும் நடுவே உள்ள நீளம் ஃபோர்க்கின் வெளி அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால், போல்ட்டை இறுக்கும்போது ஃபோர்க் இரண்டு பக்கமும் உள்ளே அழுந்தி, புதுச் சக்கரமே சிக்கி நிற்கும். 30, 35, 40 என்று பல நீளம் உண்டு. நீளமாகிவிட்டால் வெளியே வாஷர் சேர்த்துச் சமாளிக்கலாம், குட்டையானதை ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, பேரிங். பெட்டியோடு வந்த சக்கரத்தில் பேரிங்கே கிடையாது. பிளாஸ்டிக் ஓட்டை நேராக எஃகு அச்சின் மேல் சுற்றுகிறது, தூசி புகுந்து ஓட்டை கோழிமுட்டை வடிவத்தில் தேய்கிறது. வலது சக்கரத்து ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். மாற்றுச் சக்கரங்களில் 608 என்று எண் போட்ட பேரிங் அதிகம் வரும், ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்குமே, அதேதான். உள் ஓட்டை 8 மில்லிமீட்டர், வெளி விட்டம் 22. நம் அச்சோ 6. இடையில் ஒரு மெல்லிய குழாய் உறை வர வேண்டும். அந்த உறை பேரிங்குக்குள் ஏற்கெனவே பொருத்தியிருக்கிறதா அல்லது பொட்டலத்தில் தனியாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். அது விட்டுப்போனால் புதுச் சக்கரம் முதல் நாளே பழையதைவிட மோசமாக ஆடும்.

இனி அறுக்கும் வேலை. பழைய அச்சில் ஸ்க்ரூ எதுவும் இல்லை. தொழிற்சாலையில் அடித்து இறக்கிய எஃகுக் கம்பி அது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹேக்ஸா ஃப்ரேம் அந்த இடத்துக்குள் நுழையாது. பிளேடை மட்டும் எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றி டேப் ஒட்டிக் கைப்பிடியாக்கிக்கொள்ள வேண்டும். அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள நைஸ் பிளேடு வாங்குங்கள். பெரிய பல் உள்ளது 6 மில்லிமீட்டர் கம்பியில் மாட்டி மாட்டி நிற்கும்.

பிளேடை சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே உள்ள சந்தில் விட்டேன். இறுக்கமாகத்தான் நுழைந்தது. ஃபோர்க் பக்கம் உரசாமல் இருக்க, காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டையை வெட்டி நடுவில் செருகிக்கொண்டேன். பிளேடு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்றால் சக்கரத்தின் பக்கம் சாயட்டும், அது எப்படியும் குப்பைக்குப் போவது. ஃபோர்க்கில் வெட்டு விழுந்தால் ஸ்டாண்டே போச்சு.

சில பெட்டிகளில் அறுக்கத் தொடங்கியதும் அச்சு பிளேடோடு சேர்ந்து திரும்பும். அப்போது அச்சின் தலையைக் குறடால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் தேவை. இங்கே அக்கா பையன் பிடித்தான். ஒரே மூச்சாக அறுக்காதீர்கள். கம்பி சூடேறினால் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஓட்டை இளகி அகலமாகிவிடும். கொஞ்சம் அறுத்து, கையால் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு மறுபடி தொடர்ந்தோம். எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பிளேடும் சுகமாக ஓடும். இரும்புத்தூள் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கமும் அதேபோல.

இரண்டு பக்கமும் அறுந்ததும் சக்கரம் தானாகக் கையில் வந்தது. ஃபோர்க்கின் இரு ஓட்டைகளிலும் அச்சின் துண்டுகள் மட்டும் மிச்சம். தலை உள்ள துண்டை வெளியே இருந்து குறடால் திருகி இழுத்தால் வந்துவிடும். மற்றது தலையில்லாமல் ஓட்டைக்குள் புதைந்திருந்தது, பிடிக்க இடமில்லை. காலியான முதல் ஓட்டை வழியாக ஒரு நீள ஆணியை விட்டு, எதிர்த் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் வெளியே விழும். ஃபோர்க்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத் தட்டுங்கள், இல்லையென்றால் அடி முழுக்கச் சுழல் இணைப்பில் இறங்கும்.

ஃபோர்க்கைத் துடைத்துவிட்டு, புது அச்சைச் சக்கரம் இல்லாமல் சும்மா நுழைத்துப் பார்த்தேன். கைவிரல் அழுத்தத்தில் போய், உள்ளே ஆடாமல் நிற்க வேண்டும். இடது பக்கம் அப்படித்தான் நின்றது. வலது பக்கம் ஒரு ஓட்டை லேசாக அகன்றிருந்தது. குளிர்பான டின்னிலிருந்து ஒரு பட்டையைக் கத்தரித்து, அச்சைச் சுற்றி ஒரு சுற்று விட்டு நுழைத்ததும் ஆட்டம் நின்றது. டின் தகடு மிக மெல்லியது, ஒரு சுற்றுக்கு அடங்காத அளவு ஓட்டை அகன்றிருந்தால் இந்த வித்தை நிலைக்காது. எபாக்ஸி வைத்து அடைத்துத் துளை போட்டாலும் எடை ஏறியதும் பெயர்ந்து வரும். அப்போது ஸ்டாண்ட் மாற்றுவதுதான் வழி.

அடுத்து வாஷர். உள் இடைவெளி இருபதரை, சக்கரம் 18, மிச்சம் இரண்டரை. சக்கரத்தின் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் வாஷர் ஒவ்வொன்று போட்டால் அரை மில்லிமீட்டர் மீதி இருக்கும், அது இருக்கட்டும். வாஷர் போடாமல் விட்டால் சக்கரம் அச்சின் மேல் இடவலமாக நகர்ந்து ஃபோர்க்கில் உரசும். ஆனால் வாஷர் பெரிதாகவும் இருக்கக் கூடாது. பேரிங்கில் அச்சோடு ஒட்டி நிற்கும் உள் வளையம் ஒன்று, சக்கரத்தோடு சுற்றும் வெளி வளையம் ஒன்று. வாஷர் உள் வளையத்தை மட்டும்தான் தொட வேண்டும். வெளி வளையம் வரை நீண்டால் உரசிச் சக்கரத்தை இறுக்கும். பொட்டலத்தில் வந்த சின்ன வாஷர்களை எங்கோ போட்டுவிட்டு வீட்டில் கிடக்கும் பெரிய வாஷரைப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

போல்ட்டை மாட்டி, இரு பக்கமும் ஆலன் கீ வைத்து எதிரெதிராக இறுக்கினேன். கையால் சுண்டினால் சக்கரம் சில நொடிகள் தானாகச் சுற்ற வேண்டும். போல்ட்டை இறுக்க இறுக்கச் சுற்று குறைந்தால் அச்சு குட்டை அல்லது வாஷர் அதிகம் என்று அர்த்தம். எல்லாம் சரி என்று தெரிந்ததும் போல்ட்டைக் கழற்றி, மரையில் நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சின்னச் சொட்டு விட்டு மறுபடி இறுக்கினேன். சக்கரத்தின் அதிர்வில் இந்த போல்ட் கழலாமல் இருக்க இது அவசியம். சொட்டு மரைக்குள் மட்டும் இருக்கட்டும், வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் வெடிப்பு விழும். சிவப்பு நிறத்தது வேண்டாம், பிறகு கழற்றப் படாதபாடு படவேண்டியிருக்கும்.

சோதனைக்குக் காலிப் பெட்டி போதாது. ஒரு அரிசி மூட்டையும் சில புத்தகங்களும் உள்ளே வைத்து, மாடி வராண்டாவில் நாலு சக்கரத்திலும் நேராகத் தள்ளி, பிறகு சாய்த்து இழுத்துப் பார்த்தோம். இடது பக்கம் ஒதுங்குவது நின்றுவிட்டது. புதுச் சக்கரம் எதிர்ப்பக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டர் உயரம்தான், அது தெரியவில்லை. இன்னும் கூடுதல் வித்தியாசம் என்றால் கைப்பிடிப் பக்கம் தூக்கி நிற்கும், தள்ளும்போது தெரியும். சாமான் இறக்கிய பிறகு போல்ட்டுகளை மறுபடி ஆலன் கீயில் தொட்டுப் பார்த்தேன், வலது பக்கம் மட்டும் ஒரு பொடி அளவு இறுகியது.

எதிர்ப்பக்கத்து இரண்டு பழைய சக்கரங்களைப் பற்றி அக்காவிடம் ஒன்று சொல்லிவைத்தேன். பாலியூரித்தேன் ஓடித் தேய்வது மட்டுமில்லை, பரணில் சும்மா கிடந்தாலும் ஈரக்காற்றில் மெதுவாகச் சிதைகிறது. நகத்தால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தாலோ, கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ அந்தச் சக்கரம் பார்க்க முழுசாக இருந்தாலும் முடிந்துவிட்டது. இப்போதைக்கு அவை நகத்துக்குக் கெட்டியாகத்தான் இருக்கின்றன. உதிரத் தொடங்கினால் வெளியூர் கிளம்புமுன் அந்த ஜோடியையும் இதே அளவில் மாற்றிவிட வேண்டியதுதான். அளவுகளைப் பெட்டிக்குள் லைனிங் ஓரமாக ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 50, 18, அச்சு 6, நீளம் 30.